பல்லில் பழுப்புக் கறை: குற்றவாளி ஆல்கஹால் அல்ல

என் தாய்மாமா பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் வாய்விட்டுச் சிரிப்பவர். கடந்த பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனபோது, கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார். ஏன் என்று கேட்டேன்.

"பல்லெல்லாம் பழுப்பாப் போச்சுப்பா. வெத்தலை போடுறதில்ல, சிகரெட் இல்ல. காலையிலயும் ராத்திரியும் மருந்து ஊத்திக் கொப்பளிக்கிறேன். அப்புறமும் இப்படி ஆனா என்ன அர்த்தம்?"

குளியலறையிலிருந்து இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஐந்து மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியபோது மருத்துவர் ஒரு கொப்பளிப்பு நீரைக் கொடுத்து, இரண்டு வாரம் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். வாய் சுத்தமாக இருப்பதுபோல் தோன்றியதால் மாமா அதை விடவில்லை. தீர்ந்ததும் மருந்துக்கடையில் அதையே வாங்கினார். மூன்றாவது மாதம் பற்களின் ஓரத்தில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. போத்தலில் 'ஆல்கஹால்' என்று இருப்பதைப் பார்த்து, அதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று முடிவு செய்தார். கடைக்குப் போய், 'ஆல்கஹால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட இன்னொரு போத்தலை வாங்கினார். இரண்டு மாதம் அதைப் பயன்படுத்தினார். கறை குறையவில்லை, கூடியது.

மாமா செய்த தவறு பலரும் செய்வதுதான். 'கிருமிக்கொல்லி' வகை ஒரு பக்கம், 'ஆல்கஹால் இல்லாத' வகை மறு பக்கம் என்று இரண்டையும் எதிரெதிராக நினைக்கிறோம். முன்னது காரமானது, பின்னது சாதுவானது என்று நம்புகிறோம். கறை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை, படிவம் நான்கு வேதியியல் மாணவர்கள் படிக்கும் அயனிகளில் இருக்கிறது.

இரண்டு போத்தல், ஒரே மருந்து

முதலில் லேபிளைப் படிப்போம். முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலை. மாமாவின் முதல் போத்தலில் 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் 0.2%' என்று இருந்தது. இரண்டாவது போத்தலில் 'குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் 0.12%' என்று இருந்தது. ஆல்கஹால் போயிருக்கிறது. மருந்து போகவில்லை.

"0.2 எங்கே, 0.12 எங்கே? கிட்டத்தட்டப் பாதிதானே?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

0.2% என்றால் 100 மில்லிலிட்டரில் 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். முதல் போத்தல் ஒரு தடவைக்கு 10 மில்லிலிட்டர் எடுக்கச் சொல்கிறது. அதில் இருப்பது 20 மில்லிகிராம் மருந்து.

0.12% என்றால் 100 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம். இரண்டாவது போத்தல் ஒரு தடவைக்கு 15 மில்லிலிட்டர் எடுக்கச் சொல்கிறது. அதில் இருப்பது 18 மில்லிகிராம் மருந்து.

இருபதுக்கும் பதினெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செறிவைக் குறைத்தவர்கள் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மாமா மருந்தை மாற்றியதாக நினைத்தார். உண்மையில் மூடியின் நிறத்தைத்தான் மாற்றியிருக்கிறார்.

மலேரியா மாத்திரையின் உறவுக்காரர்

குளோர்ஹெக்சிடினுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடிய பிரிட்டனின் ஐசிஐ நிறுவன வேதியியலாளர்கள் 'புரோகுவானில்' என்னும் மருந்தை உருவாக்கினார்கள். 1945இல் அறிவிக்கப்பட்ட அதன் வணிகப் பெயர் 'பாலுட்ரின்'. மலேரியா மலிந்திருந்த அன்றைய மலாயாவில் அது பயன்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத மலேரியாக் கிருமிகள் இங்கே தோன்றிவிட்டன என்று, 1950இல் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர்கள் எழுதினார்கள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் 'பாலுட்ரின்' என்று சொல்லிப் பாருங்கள், ஞாபகம் இருக்கலாம்.

அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில், அதே வேதிக் குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது கிடைத்ததுதான் குளோர்ஹெக்சிடின். 1954இல் அதைப்பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதன் அமைப்பைப் பார்த்தால் உறவு புரியும். புரோகுவானில் மூலக்கூறின் முக்கியப் பகுதியை இரண்டு பிரதி எடுங்கள். இரண்டையும் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலியால் இணையுங்கள். குளோர்ஹெக்சிடின் தயார். அதன் வாய்பாடு C₂₂H₃₀Cl₂N₁₀. பெயரின் நடுவில் வரும் 'ஹெக்ஸ்' அந்த ஆறு கார்பன் பாலத்தைத்தான் குறிக்கிறது.

மலேரியாக் கிருமியிடம் இந்தப் புதிய மூலக்கூறு பெயர் வாங்கவில்லை. ஆனால் பாக்டீரியாக்களைக் கொல்வதில் கெட்டிக்காரராக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவவும் தோலைச் சுத்தப்படுத்தவும் பயன்பட்டது. வாய்க்கு அது வந்து சேர்ந்தது 1970இல். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ, ஷியோட் என்னும் இரு ஆய்வாளர்கள், மாணவர்கள் சிலரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக, 0.2% குளோர்ஹெக்சிடின் 10 மில்லிலிட்டரை நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடம் கொப்பளிக்க வைத்தார்கள். சாதாரணமாகத் துலக்காமல் விட்டால் சில நாளில் பற்படலம் படிந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கும். இவர்களுக்குப் படலமும் படியவில்லை, ஈறும் வீங்கவில்லை.

பல் மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 1971இல், நார்வே ஆய்வாளர்கள் இதன் பக்கவிளைவுகளை எழுதினார்கள். பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை என்பது அவற்றில் முக்கியமானது. ஆக, மாமாவின் புகார் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய புகார்.

இரண்டு கை உள்ள மூலக்கூறு

கறை ஏன் என்று தெரிய, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

வாயில் இருக்கும் சூழலில் குளோர்ஹெக்சிடின் மூலக்கூறின் இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு நேர்மின்சுமையைத் தாங்கியிருக்கும். நடுவில் பாலம், இரு பக்கமும் நேர்மின்சுமை. இதை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒருவராக நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்மின்சுமை உள்ள எதைக் கண்டாலும் அந்தக் கைகள் பிடித்துக்கொள்ளும்.

பாக்டீரியாவின் வெளிப்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. குளோர்ஹெக்சிடின் அதைப் பிடித்து, உயிரணுச் சவ்வைக் குலைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலியவை கசிந்து வெளியேறுகின்றன. மருந்தின் செறிவு கூடுதலாக இருந்தால் உள்ளிருப்பவை உறைந்தே போகின்றன. கிருமி சாகிறது.

பல்லின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை உடையதுதான். துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் படியவைக்கின்றன. அந்தத் தோலிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் எதிர்மின்சுமைகள் நிறைய. குளோர்ஹெக்சிடின் அங்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் கொப்பளித்துத் துப்பிய பிறகும் ஏறக்குறைய 30 விழுக்காடு மருந்து வாயில் தங்கிவிடுகிறது. பிறகு மெல்ல மெல்ல உமிழ்நீரில் விடுபட்டு, சுமார் 12 மணி நேரம் வேலை செய்கிறது. அதனால்தான் காலையும் இரவும் கொப்பளித்தால் போதும் என்கிறார்கள்.

மற்ற கிருமிக்கொல்லிகளிலிருந்து இதை உயர்த்திக் காட்டுவது இந்த ஒட்டும் குணம்தான். கறையைக் கொண்டுவருவதும் இதே குணம்தான்.

தே ஓ உள்ளே வருகிறது

பல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுக்கு இன்னொரு கை சும்மா இருக்கிறது அல்லவா? அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கிளாஸ் தே ஓ குடிக்கிறீர்கள். தேயிலைக்குப் பழுப்பு நிறமும் துவர்ப்பும் தருபவை பாலிஃபீனால் வகைச் சேர்மங்கள். 'டேனின்' என்று சொன்னால் பலருக்கும் தெரியும். அவை மருந்தின் சும்மா இருக்கும் கையில் மாட்டிக்கொள்கின்றன. வெறும் பல்லில் தேநீர் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இப்போது அதைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் இருக்கிறது. அடுத்த கொப்பளிப்பில் இன்னோர் அடுக்கு மருந்து, அடுத்த கிளாஸில் இன்னோர் அடுக்கு தேநீர். சுவருக்குச் சாயம் பூசுவதுபோல் அடுக்கடுக்காக ஏறுகிறது.

இது ஊகம் அல்ல. பிரிட்டனில் மார்ட்டின் ஆடி என்னும் பல் மருத்துவப் பேராசிரியரும் அவர் குழுவினரும் கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக் துண்டுகளை எடுத்து, உமிழ்நீரிலும் பிறகு குளோர்ஹெக்சிடினிலும் பிறகு தேநீரிலும் மாறி மாறி முக்கினார்கள். சுற்றுகள் கூடக் கூடத் துண்டுகள் பழுப்பாகிக்கொண்டே போயின. மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் முக்கிய துண்டுகளில் கறை மிகக் குறைவு. அக்ரிலிக் துண்டுக்குச் சொத்தை வராது, அது வெற்றிலையும் போடாது. கறைக்கு மருந்தும் தேநீரும் சேர்ந்தாலே போதும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

ஒரே மருந்தைப் பயன்படுத்தும் இருவரில் ஒருவருக்குக் கறை பலமாகவும் மற்றவருக்கு லேசாகவும் இருப்பதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. குடிப்பது என்ன, எத்தனை தடவை என்பதைப் பொறுத்தது அது. மாமா நாளுக்கு ஐந்து கிளாஸ் தே ஓ குடிப்பவர். கோப்பி ஓவும் இதே வேலையைச் செய்யும். பால் கலந்த தே தாரிக் சற்றுப் பரவாயில்லை, ஏனென்றால் பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் டேனினில் ஒரு பகுதியை முன்பே பிடித்துவைத்துக்கொள்கிறது. அதற்காகத் தே தாரிக்கைக் கூட்டிக் குடிக்காதீர்கள், சர்க்கரை வேறு கதை.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிக் குவளைகள் எடுங்கள். ஒன்றில் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீர் ஒரு மேசைக்கரண்டி, மற்றதில் அதே அளவு தண்ணீர். சர்க்கரையும் பாலும் சேர்க்காத கெட்டித் தேநீரை நன்றாக வடிகட்டி, ஆறவைத்து, இரண்டிலும் இரண்டு தேக்கரண்டி ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர்க் குவளை தெளிவாக இருக்கும். மருந்துக் குவளை கலங்கும். சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் இறங்கும். நேர்மின்சுமை உள்ள மருந்தும் தேநீரின் டேனினும் சேர்ந்து, நீரில் கரையாத பொருளாக மாறிவிட்டன. உங்கள் பல்லின்மேல் நடப்பதும் இதுதான். முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள், யாரும் குடிக்கக் கூடாது.

இன்னொரு சோதனை. நிறமில்லாத ஷாம்பு ஒரு துளியை அரைக் குவளைத் தண்ணீரில் கரையுங்கள். அதில் சில துளிகளை மருந்தில் விடுங்கள். பால்போல் வெள்ளையாகக் கலங்கும். நுரை தரும் பொருள்கள் பெரும்பாலும் எதிர்மின்சுமை உடையவை. அவை மருந்தின் கைகளைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. பற்பசையில் நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட்டும் அதே வகை. பல் துலக்கிய கையோடு குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தால் மருந்து வீணாகிறது என்று சொல்வது இதனால்தான். துலக்கிய பிறகு வாயை நன்றாகத் தண்ணீரில் அலசி, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும். இரண்டு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

அப்படியானால் ஆல்கஹால் எதற்கு?

கொப்பளிப்பு நீரைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். கிருமியைக் கொல்வது எது? அது எதில் கரைக்கப்பட்டிருக்கிறது? 'கிருமிக்கொல்லி' என்ற சொல் முதல் கேள்விக்குப் பதில். 'ஆல்கஹால் இல்லாதது' என்ற சொல் இரண்டாவது கேள்விக்குப் பதில். ஒரே போத்தல் இரண்டுமாக இருக்கலாம். மாமாவின் இரண்டாவது போத்தல் அப்படிப்பட்டதுதான்.

வாசனை எண்ணெய் வகையைப் பாருங்கள். 1879இல் அமெரிக்காவில் உருவான லிஸ்டரின் இதற்குப் பழைய உதாரணம். தைமால், யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்கும் அதில் வேலை செய்பவை. இவை எண்ணெய்த்தன்மை உள்ளவை, தண்ணீரில் எளிதில் கரையாது. அவற்றைக் கரைத்து வைக்கத்தான் ஆல்கஹால். பழைய வகைகளில் அது 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சாதாரண பியரில் இருப்பது 5 விழுக்காடு அளவுதான். ஆனாலும் அரை நிமிடக் கொப்பளிப்பில் கிருமியைக் கொல்ல அந்த 20 விழுக்காடு போதாது. கைக்குப் பூசும் சானிடைசரில் 60 விழுக்காட்டுக்கு மேல் வைப்பது அதனால்தான். வாய் எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைக்காதீர்கள். எரிவது உங்கள் வாய்தான்.

இந்த எண்ணெய்களுக்கு மின்சுமை இல்லை. பல்லை இறுகப் பிடிப்பதும் இல்லை. ஆகவே கறையும் மிகக் குறைவு. ஆல்கஹால் நிறைந்த அந்தப் போத்தல் பல்லைக் கறையாக்கவில்லை, ஆல்கஹால் துளியும் இல்லாத மாமாவின் போத்தல் கறையாக்கியது. இதை மனத்தில் வைத்தால் போதும், மற்றவை தானே விளங்கும்.

ஆல்கஹால் இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணங்கள் உண்டு. வாய்ப்புண் இருப்பவர்களுக்கு எரிச்சல் இராது. இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்கு உமிழ்நீர் குறைந்து வாய் வறளும். அவர்களுக்கும், பிள்ளைகளுக்கும், குடியை விட்டவர்களுக்கும், சமய நெறிப்படி ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்களுக்கும் அதுவே பொருத்தம். கறை வராது என்பதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள்.

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. 'சீட்டைல்பிரிடினியம் குளோரைடு' என்ற பெயர் லேபிளில் இருக்கும். பேரங்காடி அலமாரிகளில் உள்ள ஆல்கஹால் இல்லாத போத்தல்கள் பலவற்றில் இதுதான். இதற்கும் நேர்மின்சுமை உண்டு, ஆனால் ஒரே ஒரு கை. ஒட்டினாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடும். வேலையும் குறைவு, கறையும் குறைவு. ஆனால் கறையே வராது என்று சொல்ல முடியாது. தினமும் பல மாதம் பயன்படுத்தினால், தேநீர் பிரியர்களுக்கு லேசான பழுப்பு வரலாம்.

எதற்காகக் கொப்பளிக்கிறீர்கள்?

கடையில் நிற்கும்போது, எது சிறந்தது என்று கேட்பதைவிட எனக்கு எதற்கு என்று கேளுங்கள்.

பல் பிடுங்கியதாலோ ஈறு அறுவை சிகிச்சையாலோ சில நாள் துலக்க முடியாது என்றால், குளோர்ஹெக்சிடினுக்கு நிகரானது இல்லை. மருத்துவர் சொன்ன நாள்வரை பயன்படுத்துங்கள். பொதுவாக இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம். பல் பிடுங்கிய முதல் 24 மணி நேரம் மட்டும் எதையும் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். பள்ளத்தில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி பல நாள் நீடிக்கும்.

சொத்தையைத் தடுக்க வேண்டும் என்றால் தேவைப்படுவது கிருமிக்கொல்லி அல்ல, புளோரைடு. லேபிளில் 'சோடியம் புளோரைடு 0.05%' என்று இருக்கும் ஆல்கஹால் இல்லாத வகையைப் பாருங்கள். அது கறையாக்காது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எந்தக் கொப்பளிப்பு நீரும் வேண்டாம், அவர்கள் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். புளோரைடிலேயே வெள்ளீயம் சேர்ந்த 'ஸ்டேனஸ் புளோரைடு' என்னும் வகை ஒன்று உண்டு. வெள்ளீய அயனியும் நேர்மின்சுமை உள்ளது என்பதால் அதிலும் கறை வரலாம்.

தினமும் துலக்குவதோடு கூடுதலாக ஈறுக்கு ஏதாவது வேண்டும் என்றால், வாசனை எண்ணெய் வகையோ சீட்டைல்பிரிடினியம் வகையோ போதும். வாய் நாற்றத்துக்காக என்றால், போத்தல் வாங்குவதற்கு முன் நாக்கை வழித்துப் பாருங்கள், ஈறில் இரத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். நாற்றத்தை மறைக்கப் போத்தல் உதவும், அதன் காரணத்தைப் போக்காது.

நம் நாட்டில் இன்னோர் அடையாளமும் உதவும். மருந்தாகப் பதிவானவற்றில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அழகுப்பொருளாக அறிவிக்கப்பட்டவற்றில் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் இருக்கும். மருந்து எண்ணைப் பார்த்தால், எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று மருந்தாளரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கறையா, சொத்தையா?

குளோர்ஹெக்சிடின் கறையை அடையாளம் காண்பது கடினமல்ல. ஒரே பல்லில் புள்ளியாக வராது, பல பற்களில் ஒரே நேரத்தில் வரும். ஈறை ஒட்டிய ஓரத்திலும் இரு பற்களுக்கு நடுவிலும், துலக்கும்போது தூரிகை சரியாக எட்டாத இடங்களில் அடர்த்தியாக இருக்கும். நாக்கின் மேலும் பொய்ப்பல்லின் மேலும் படியலாம். வலிக்காது, பல் கூசாது. உணவில் உப்பு உறைக்கவில்லை என்று தோன்றினால் அதுவும் ஓர் அறிகுறி, ஏனென்றால் இந்த மருந்து நாக்கின் உப்புச் சுவையைச் சற்று மழுக்கும். சொத்தை என்றால் குழி தெரியலாம், குளிரும் இனிப்பும் பட்டால் கூசலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கறை பற்சிப்பிக்குள் போவதில்லை, மேலேதான் இருக்கிறது. பல் மருத்துவ நிலையத்தில் சுத்தம் செய்து மெருகேற்றினால் போய்விடும். வெள்ளை நிற அடைப்புகளின் விளிம்பில் புகுந்த கறை மட்டும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். முன்பல்லில் அப்படி அடைப்பு உள்ளவர்கள் இதைத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதீர்கள், அமிலம் பற்சிப்பியைக் கரைக்கும். கரித்தூளைத் தேய்த்தால் கறையோடு பல்லும் தேயும். கறை போகவில்லையே என்று மேலும் இரண்டு தடவை கொப்பளிப்பது, தீயை நெய் ஊற்றி அணைப்பது போன்றது.

குளோர்ஹெக்சிடின் கட்டாயம் தேவைப்படும் அந்த இரண்டு வாரத்திலும் கறையைக் குறைக்க வழி உண்டு. தேநீரையும் கோப்பியையும் கொப்பளிப்பதற்கு முன்பே குடித்துவிடுங்கள். கொப்பளித்த பிறகு ஒரு மணி நேரமாவது வெறும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். இரவுத் தடவையைத் தூங்கப் போகும் முன் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதன்பின் தேநீர் வர வாய்ப்பே இல்லை. இடைவெளி விட்டுத் துலக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் மாமாவின் கதையில் முக்கியமானது. அவரைப் பல் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கறை முழுவதும் அன்றே போனது. ஆனால் கறைக்கு அடியில் பற்காரை படிந்திருந்தது. மருத்துவர் கருவியை வைத்தவுடன் கீழ்வரிசை ஈறுகளில் இரத்தம் கசிந்தது. விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. "அதான் மருந்து ஊத்தறேனேன்னு, ராத்திரி பிரஷ் பண்றத விட்டுட்டேன்" என்றார் மாமா. கொப்பளிப்பு நீர் பல்லின் மேற்பரப்பைத்தான் நனைக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமாகிப்போன பையின் அடிவரை அது இறங்காது. ஏற்கெனவே தடித்துப்போன படலத்தையும் பெயர்க்காது. அந்த வேலையைத் தூரிகையும் பல்லிடுக்கு நூலும்தான் செய்ய முடியும். ஐந்து மாதமாக மாமா பயந்தது கறையைப் பார்த்து. பயந்திருக்க வேண்டியது கறை மறைத்துவைத்த ஈறைப் பார்த்து.

இப்போது அவர் வீட்டுக் குளியலறையில் தூரிகையும் நூலும், புளோரைடு உள்ள ஒரு போத்தலும் இருக்கின்றன. தே ஓ ஐந்து கிளாஸில் ஒன்றைக்கூட அவர் குறைக்கவில்லை. சிரிப்பு மட்டும் பழையபடி திரும்பிவிட்டது. இன்று உங்கள் வீட்டுப் போத்தலையும் ஒரு தடவை பின்பக்கம் திருப்பிப் படித்துப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்று இருந்தால், வாங்கிய தேதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கடந்திருந்தால், அடுத்த போத்தலை வாங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் போய் ஈறைக் காட்டுங்கள்.